சுற்றறிக்கையில் வடசொற்கள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

வரவேடு எழுதியது:

வணக்கம். ஒரு பதிவுபெற்ற சங்கத்தின் சுற்றறிக்கையைத் திருத்தும் பொறுப்பு வந்திருக்கிறது. பழைய கோப்பிலிருந்து ஆண்டுதோறும் அப்படியே எடுத்து அனுப்பி வந்திருக்கிறார்கள். இந்த முறை நல்ல தமிழில் வேண்டும் என்று செயற்குழு சொல்லிவிட்டது. மூலம் இதுதான்:

> நமது சங்கத்தின் வருடாந்திர மகாசபைக் கூட்டம் அடுத்த மாதம் 14-ம் தேதி நடைபெறும். சென்ற வருஷத்து வரவு செலவு அறிக்கையைப் பொக்கிஷதாரர் சமர்ப்பிப்பார். புதிய நிர்வாகிகளை நியமனம் செய்வது சம்பந்தமான பிரேரணைகளை அங்கத்தினர்கள் 7 தினங்களுக்கு முன்பாகக் காரியதரிசிக்கு அனுப்ப வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்களிக்கும் அதிகாரம் கிடையாது. இந்த விஷயத்தில் யாருக்கேனும் ஆட்சேபம் இருந்தால் லிகித மூலமாகத் தெரிவிக்கலாம்.

சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றத் தொடங்கினேன். நான்காவது வரிக்குள் வாக்கியங்கள் நொண்டுகின்றன. எங்கே பிசகுகிறது?

---

செந்நாப்புலவன் எழுதியது:

இதில் குழம்ப ஒன்றுமில்லை தோழரே. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கையும் தூக்குங்கள். ஜ வந்தால் ச, ஷ வந்தால் ட, ஸ வந்தால் ச, ஹ வந்தால் க. வருஷம் வருடம் ஆகும், விஷயம் விடயம் ஆகும், பொக்கிஷம் பொக்கிடம் ஆகும். "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல் ஆகும்மே" என்று தொல்காப்பியரே வழி சொல்லிவிட்டார். கிரந்தம் போனால் தமிழ்தான்.

---

நெடுங்கணக்கு எழுதியது:

செந்நாப்புலவன் காட்டிய நூற்பா சரி, அதைப் பொருத்திய இடம்தான் தவறு. அந்த நூற்பா, வடசொல்லை எடுத்துக்கொள்வதானால் எப்படி எழுதுவது என்று சொல்கிறது. கடன் வாங்க அனுமதி தந்து, கூடவே எழுத்து நிபந்தனை ஒன்றும் வைக்கிறது. வரவேடு கேட்பது கடனே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று. வருஷத்தை வருடம் ஆக்கினால் எழுத்து தமிழாகும், சொல் பழைய இடத்திலேயே நிற்கும். அங்கே வேண்டியது ஆண்டு.

எழுத்துமாற்றமும் அவர் சொன்னபடி ஒன்றுக்கு ஒன்று அல்ல. சொல்லில் எங்கே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஜ முதலில் ச ஆகும், இடையில் ய ஆகவும் கூடும்: பங்கஜம் பங்கயம் ஆனது. ஸ இடையில் த ஆகும்: மாஸம் மாதம் ஆனது அப்படித்தான். ஹ முதலில் வந்தால் உதிர்ந்தே போகும்: ஹரன் அரன் ஆனான். பட்டியல் போட்டு எந்திரம்போல் மாற்றினால் "பொக்கிடம்" மாதிரி யாரும் எழுதாத சொல்தான் மிஞ்சும்.

வரவேடு, உங்கள் வாக்கியங்கள் நொண்டுவதற்குக் காரணம் வேறு. நீங்கள் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடுகிறீர்கள். அலுவல் நடையில் வடசொல் பெரும்பாலும் "செய்", "பண்ணு" என்ற துணையோடுதான் வரும். நியமனம் செய், ஆரம்பம் செய், பிரசுரம் செய், பரிசீலனை செய். பெயரை மட்டும் மாற்றினால் "தொடக்கம் செய்தார்", "வெளியீடு செய்தார்" என்று வரும். சொல் தமிழ், கட்டு பழைய கட்டு. இரண்டையும் சேர்த்துத் தூக்கி ஒரே வினை போடுங்கள்: தொடங்கினார், வெளியிட்டார், ஆராய்ந்தார். வாக்கியமும் சுருங்கும்.

---

கணினிக்கொல்லன் எழுதியது:

கோப்பு நீளமாக இருந்தால் முதலில் கிரந்த எழுத்துள்ள வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

```
grep -n '[ஜஷஸஹஶ]' arikkai.txt
```

கடைசியில் இருக்கும் ஶ தேவையா என்று கேட்பீர்கள். திருவுக்கு ஈடான ஸ்ரீயைச் சில விசைப்பலகைகள் ஸ் போட்டும் சில ஶ் போட்டும் உள்ளிடுகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்றுதான் சிக்கும்.

இது கண்டுபிடிக்க மட்டும். மொத்தமாக மாற்றும் வேலையை இதனிடம் விடாதீர்கள். "தினம்" என்பதை "நாள்" ஆக்கச் சொன்னால் "புதினம்" எல்லாம் "புநாள்" ஆகிவிடும். "ஜனம்" என்பதை "மக்கள்" ஆக்கினால் "பிரயோஜனம்" "பிரயோமக்கள்" ஆகும். முழுச்சொல் மட்டும் என்று கட்டுப்படுத்த `\b` போடலாம் என்று தோன்றும். பைத்தானின் `re` தமிழ் உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை, அதனால் சொல்லின் நடுவிலேயே எல்லை விழும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுவதே வழி.

---

மதில்மேல்பூனை எழுதியது:

அந்தக் கட்டளை ஜாமீன், ஆஜர், ஜப்தி, ஜில்லா எல்லாவற்றையும் பிடித்துத் தரும். அவை ஒன்றும் வடமொழி அல்ல, அரபு பாரசீக வழி வந்தவை. வரவேட்டின் பத்தியிலேயே சந்தா பாரசீகம், பாக்கி அரபு. மறுபக்கம் சபை, தினம், காரணம், நியாயம் ஆகியவற்றில் ஒரு கிரந்த எழுத்தும் இல்லை, ஆனால் வடசொற்கள். ஆக இந்த வலையில் ஆகாத மீனும் விழும், ஆகிற மீன் தப்பியும் போகும்.

"மீன்" என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மீனும் நீரும் வடமொழி அகராதியிலும் இருக்கின்றன என்று ஆசிரியர் ஒருவர் கட்டுரையில் அடித்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவை திராவிடத்திலிருந்து அங்கே போனவை என்பதே பர்ரோ, எமனோ போன்ற மொழியியலாளரின் முடிவு. அகராதியில் இருப்பது மட்டும் சான்றாகாது.

---

தென்றல்77 எழுதியது:

நல்ல இழை. எனக்கும் இதே சிக்கல். பஸ், டிக்கெட், ஆபீஸ் ஆகியவற்றுக்குப் பேருந்து, பயணச்சீட்டு, அலுவலகம் என்று போட்டுவிட்டேன். "ஹார்டு டிஸ்க்"குக்கு என்ன போடலாம்? அப்படியே, மகன் பெயர் ராஜேஷ். பள்ளி ஆண்டு மலரில் "இராசேசு" என்று அச்சிட்டுவிட்டார்கள். இது சரியா?

---

நெடுங்கணக்கு எழுதியது:

தென்றல், ஆங்கிலச் சொற்களுக்குத் தனி இழை போடுங்கள், அது வேறு கணக்கு. "வன்தட்டு" என்று எழுதுகிறார்கள்.

பெயரைப் பற்றிக் கேட்டது மட்டும் இங்கே பொருந்தும். ஆளின் பெயர், சட்டத்தின் பெயர், பதிவுபெற்ற அமைப்பின் பெயர், மேற்கோள் ஆகிய நான்கையும் தொடக்கூடாது. தன் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை அவரவருக்கு உண்டு. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனதும், சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும் அவர்களே செய்துகொண்டவை. மலர்க்குழு இன்னொருவர் பெயருக்கு அதைச் செய்வது பிழை. சான்றிதழில் ஒன்றும் மலரில் ஒன்றுமாக இருந்தால் பின்னால் அலைச்சலும் வரும்.

இதே ஏரணத்தில்தான் வரவேட்டின் "சங்கம்" அப்படியே நிற்கிறது. வேர் வடமொழி என்றே பலர் கொள்வர். ஆனால் பதிவுச் சான்றில் அந்தப் பெயர்தான் இருக்கும். சுற்றறிக்கையில் மட்டும் "கழகம்" என்று எழுதினால் அது வேறு அமைப்பு என்று ஒருவர் வாதாட இடம் கொடுக்கிறீர்கள்.

"மகாசபை"யும் அப்படியே. பொதுக்குழு, பேரவை இரண்டும் நல்ல தமிழ். எது வேண்டும் என்பதை அகராதி சொல்லாது, உங்கள் துணைவிதிகள்தான் சொல்லும். அங்கே "பேரவை" என்று இருந்தால் பேரவை. "மகாசபை" என்றே பதிவாகியிருந்தால், துணைவிதியைத் திருத்தும் வரை அதையே எழுதுங்கள்.

---

வரவேடு எழுதியது:

துணைவிதியில் "பொதுக்குழு" என்றே இருக்கிறது ஐயா. சுற்றறிக்கைதான் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. மற்ற வரிகளையும் பார்த்துச் சொல்ல முடியுமா?

---

நெடுங்கணக்கு எழுதியது:

சொல்கிறேன். ஆனால் இரண்டு இடங்களில் நான் உங்களைக் கேட்க வேண்டும், ஏனென்றால் அங்கே வடசொல் பொருளை மூடிவைத்திருக்கிறது.

முதலாவது "நியமனம்". நிர்வாகிகளைச் செயற்குழு பார்த்து அமர்த்துகிறதா, உறுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்களா? அடுத்த வரியில் வாக்களிப்பு வருகிறது. அப்படியானால் அது நியமனமே அல்ல, தேர்தல். "அமர்த்துவது" என்று மொழிமாற்றி வைத்தால் தமிழ் சரியாக இருக்கும், செய்தி தவறாக இருக்கும்.

இரண்டாவது "அதிகாரம்". வாக்களிப்பது ஓர் உறுப்பினரின் உரிமை. அதிகாரம் பதவியோடு வருவது. அங்கே "உரிமை இல்லை" என்று போட்டால் இன்னும் சரியான தமிழ், சரியான சட்டமும்கூட. சந்தா கட்டாதவருக்கு அந்த உரிமை போகும் என்று துணைவிதியில் உள்ளதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒன்று, அது சொல் விவகாரமே இல்லை: "7 தினங்களுக்கு முன்பாக". எதற்கு முன்? கூட்டத்துக்கு என்று வாசகர் ஊகிக்கிறார். எழுதிவிடுங்கள்.

---

ஆனையிறவு எழுதியது:

இலங்கைப் பக்கமிருந்து ஒரு குறிப்பு. இந்தச் சுற்றறிக்கை இங்கே உள்ள உறுப்பினருக்கும் வருமெண்டால் கவனம் வேண்டும். எங்களுக்கு "விடயம்" அன்றாடச் சொல். செந்நாப்புலவன் சொன்ன எழுத்துமாற்றம் இங்கே நிலைத்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது புலமைக்காரர் சொல்போல் ஒலிக்கும்.

"வாரம்" வடசொல் என்று "கிழமை" போடுகிறவர்கள் உண்டு. "அடுத்த கிழமை கூட்டம்" என்றால் எங்களுக்கு அடுத்த வாரம். அங்கே கிழமை என்பது ஞாயிறு, திங்கள் என்ற நாளின் பெயர்தானே? அவர்கள் எந்தக் கிழமை என்று திருப்பிக் கேட்பார்கள். தேதிக்கு நாங்கள் எழுதும் "திகதி"யும் அதே "திதி"யிலிருந்து வந்ததுதான், தனித்தமிழ் என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள்.

இங்கே அரசு அமைப்புகளின் பெயரிலேயே "அபிவிருத்தி" இருக்கும். அதை "மேம்பாடு" ஆக்கிக் கடிதம் எழுதினால் உறையின் மேல் உள்ள பெயரும் உள்ளே உள்ள பெயரும் ஒத்துப்போகாது. சனாதிபதியும் அப்படித்தான். தமிழ்நாட்டார் குடியரசுத் தலைவர் என்பர். எங்களுக்கு அந்தப் பதவியின் பெயர் சனாதிபதி.

---

மதில்மேல்பூனை எழுதியது:

பதவிப்பெயரில் சுவையான ஒன்று பிரதமர். வடசொல்தான். "தலைமை அமைச்சர்" என்று தமிழ் இருக்கிறது, ஆனால் அது ஊன்றவில்லை. ஒரு காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது: மாநிலத்தில் முதலமைச்சர் இருக்கிறார். முதல், தலைமை இரண்டும் கேட்பவர் காதில் ஏறத்தாழ ஒன்று. செய்தி வாசிப்பில் இருவரும் ஒரே வரியில் வந்தால் தடுமாற்றம்தான். காரியதரிசியும் அக்கிராசனரும் சர்வகலாசாலையும் சத்தமில்லாமல் போனதற்கு, செயலாளர், தலைவர், பல்கலைக்கழகம் என்ற சொற்களின் இடத்தில் வேறு எதுவும் நின்று மோதவில்லை என்பது உதவியது.

"மாதம்" மாறாததும் இதனால்தான். "திங்கள்" பழந்தமிழ், அழகான சொல். "அடுத்த திங்கள் 14ஆம் நாள்" என்று அனுப்பிப் பாருங்கள், கூட்டம் திங்கட்கிழமை என்று பாதிப் பேர் வருவார்கள்.

---

வரவேடு எழுதியது:

நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதுதான், நியமனம் இல்லை. கட்டணம் நிலுவையில் இருந்தால் வாக்குரிமை இல்லை என்று துணைவிதியிலும் உள்ளது. "விஷயம்" என்ற சொல்லுக்கு மட்டும் செய்தி, பொருள், கருத்து என்று பல கிடைக்கிறது. எது சரி?

---

நெடுங்கணக்கு எழுதியது:

பல நேரம் எதுவுமே வேண்டாம். விஷயம் என்பது பேச்சில் இடம் நிரப்பும் சொல்லாகிவிட்டது. உங்கள் வரியில் "இந்த விஷயத்தில் யாருக்கேனும்" என்பது "இதில் எவருக்கேனும்" என்றால் முடிந்தது. "விஷயம் என்னவென்றால்" என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு நேரே தொடங்கலாம். "பண விஷயத்தில்" என்பது "பணத்தைப் பொறுத்தவரை". "கூட்டத்தில் பேசவேண்டிய விஷயங்கள்" என்றால் "பொருள்கள்", அதனால்தான் கூட்டப்பொருள் என்கிறோம். "ஒரு விஷயம் கேள்விப்பட்டேன்" என்றால் "செய்தி". சொல்லை மட்டும் பார்த்துப் பட்டியலில் தேடினால் இந்த ஐந்துக்கும் "செய்தி" என்றே போட்டு, "பணச் செய்தியில் கவனம்" என்று எழுதி நிற்போம்.

இன்னொரு பொறி, மாற்றாகப் போட்ட சொல்லே வடசொல்லாக இருப்பது. "விஷயம் தெரிந்தவர்" என்பதை "விவரம் தெரிந்தவர்" ஆக்கினால் ஒன்றைத் தள்ளி மற்றொன்றை உட்கார வைத்திருக்கிறீர்கள். "துறை அறிந்தவர்" போதும். "லிகித மூலமாக" என்பதை "எழுத்து மூலமாக" என்று மாற்றினால் "மூலம்" இன்னும் இருக்கும். "எழுத்தில்" என்று வேற்றுமை உருபைப் போட்டால் வேலை தீர்ந்தது.

---

செந்நாப்புலவன் எழுதியது:

சரி, எழுத்தை மட்டும் மாற்றுவது போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கிரந்தம் இல்லாத வடசொல்லை எப்படித்தான் அடையாளம் காண்பது? ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்க முடியுமா?

---

நெடுங்கணக்கு எழுதியது:

சொல்லின் தலையைப் பாருங்கள். தமிழ்ச்சொல் ர, ல, ட ஆகியவற்றில் தொடங்காது. ரகசியம், லாபம் போன்றவை உடனே தெரிந்துவிடும், முன்னால் இகரம் சேர்த்து இரகசியம், இலாபம் என்று எழுதினாலும் அதே கதைதான். அடுத்து வடமொழி முன்னொட்டுகள்: பிர, பரி, நிர், அபி, உப, துர். பிரதி, பரிகாரம், நிர்வாகம், அபிப்பிராயம், உபகாரம் எல்லாம் அப்படி. எதிர்மறை அகரமும் ஒரு குறி: அநீதி, அசுத்தம்.

ஆனால் இது ஐயத்தைக் கிளப்பும் குறி மட்டுமே, தீர்ப்பு அல்ல. பிரிவு, பரிவு, நிரல் மூன்றும் தமிழ். பின்னாலுள்ள வினையைப் பாருங்கள்: பிரி, பரி, நிரல் என்று தமிழிலேயே வேர் நிற்கிறது. பிரதிக்கு அப்படி ஒரு தமிழ் வினை கிடையாது. ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் சொல்லின் மூலம் குறித்திருக்கும். அலுவல் சொற்களுக்கு எனில் தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதி நேரடியாக உதவும், ஏனென்றால் அலுவலகங்களில் புழங்கும் சொல்லே அதில் இருக்கும்.

---

மதில்மேல்பூனை எழுதியது:

லெக்சிகனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. அதன் சொன்மூலங்களைப் பாவாணர் வரிவரியாக மறுத்திருக்கிறார். "அமைச்சர்" அதன்படி வடமொழி "அமாத்ய", மறுப்பவர்களுக்கு "அமை" என்ற வினை. "உலகம்" லோகமா, உலவு என்பதா? இன்னும் இழுபறிதான். சுற்றறிக்கைக்காரர் இதில் நடுவராக உட்கார முடியாது. குறளில் இருப்பதையும் அரசாணையில் இருப்பதையும் விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்பேன்.

அப்புறம் நெடுங்கணக்கு ஐயா, உங்கள் பதிவுகளில் காரணம், வாக்கியம், நிபந்தனை, அனுமதி என்று நான்கைந்து எண்ணிவைத்திருக்கிறேன்.

---

நெடுங்கணக்கு எழுதியது:

எண்ணுங்கள், இன்னும் கிடைக்கும். இது உரையாடல், அலுவல் மடல் அன்று. குறளில் இருப்பதை விடலாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. குறளிலேயே "அதிகாரம்" என்ற பகுப்பு வழங்குகிறது, அதற்காக இங்கே வாக்குரிமையை அதிகாரம் என்று விட்டுவிட முடியுமா?

வரவேடு, முழுப்பத்தி இதோ:

> நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் அடுத்த மாதம் 14ஆம் நாள் நடைபெறும். சென்ற ஆண்டின் வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் முன்வைப்பார். புதிய பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது குறித்த முன்மொழிவுகளை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு 7 நாள்களுக்கு முன் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உறுப்பினர் கட்டணம் நிலுவையில் உள்ளவர்களுக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. இதில் எவருக்கேனும் மறுப்பு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம்.

மாற்றியபின் ஒட்டுகளைச் சரிபாருங்கள். மகரத்தில் முடிந்த சொல் போய் உகரத்தில் முடிவது வந்திருக்கிறது: "வருடத்தில்" என்பது "ஆண்டில்" ஆகும், "ஆண்டத்தில்" ஆகாது. "இவ்வருடம்" போய் "இவ்வாண்டு" வரும். "தினக்கூலி", "தினக்குறிப்பு" ஆகியவை "நாட்கூலி", "நாட்குறிப்பு" ஆகும், ளகரம் டகரமாகத் திரியும். பட்டியலை வைத்து ஒட்டும்போது பிழை மலிவது இந்த இடத்தில்தான்.

---

செந்நாப்புலவன் எழுதியது:

பிடித்தேன்! நாட்கூலி, நாட்குறிப்பு என்று சொல்லிவிட்டுப் பத்தியில் "நாள்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். "நாட்கள்" அல்லவா வரவேண்டும்?

---

நெடுங்கணக்கு எழுதியது:

நாட்கூலி என்பது நாளுக்கு உரிய கூலி, இரண்டு சொல் சேர்ந்த தொகை. "கள்" இங்கே பன்மை விகுதி. நாட்கள் என்றால் நாட்பட்ட கள் என்று பொருள்படும் என்று கேலி செய்வார்கள். ஆள்கள், தாள்கள், வாள்கள் போல நெடிலுக்குப் பின் திரியாமல் எழுதுவதே என் வழக்கம்.

---

ஆனையிறவு எழுதியது:

சொற்கள், பற்கள், முட்கள் எல்லாம் பன்மைதானே, அங்கே மட்டும் திரிகிறதே? குறிலுக்கு ஒரு நீதி, நெடிலுக்கு ஒரு நீதியா? எங்கள் பத்திரிகைகள் நாட்கள் என்றே அச்சிடுகின்றன.

---

மதில்மேல்பூனை எழுதியது:

இது வேறு இழைக்கான சண்டை. வரவேடு, "7 நாள் முன்" என்று எழுதிவிடுங்கள். எண்ணுக்குப் பின் தமிழில் பன்மை விகுதி இல்லாமலும் வரும்.

---

வரவேடு எழுதியது:

"கூட்டத்துக்கு 7 நாள் முன்" என்று போட்டுவிட்டேன். அறிவிப்பின் தலைப்பில் "தேதி:" என்ற கட்டம் இருக்கிறது, அதை "நாள்:" ஆக்கலாமா?

---

நெடுங்கணக்கு எழுதியது:

ஆக்கலாம், தமிழ்நாட்டு அரசு மடல்களில் அப்படித்தான் இருக்கும். "தேதியிட்ட மடல்" என்று உள்ளே எங்காவது வந்தால் அதையும் "நாளிட்ட" என்று மாற்றுங்கள். பத்தியில் "14ஆம் நாள்" என்பதில் "ஆம்" விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் கூட்டம் 14 நாள் நடக்கும்.